சம்பளம் பேசும் மின்னஞ்சல்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த நாளுக்கும் அதில் கையெழுத்திடும் நாளுக்கும் நடுவே உள்ள சில நாட்கள்தான் சம்பளம் பேசுவதற்கு உரிய காலம். அதற்கு முன்னால் நிறுவனம் ஆளை முடிவு செய்திருக்காது. அப்போது தொகையைப் பேசினால் அது வெறும் விசாரிப்பாகவே நிற்கும். கையெழுத்திட்ட பிறகு பேசினால், கொடுத்த வாக்கை மாற்றுவதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிறுவனம் பல சுற்று நேர்காணல் நடத்தி, மற்றவர்களைக் கழித்து, இவரே வேண்டும் என்ற முடிவுக்கு வந்து நிற்கிறது. இவர் வராவிட்டால் முதலிலிருந்து ஆள் தேட வேண்டும். வேலை தேடுபவரின் சொல்லுக்கு மதிப்பு மிக அதிகமாக இருப்பது இந்த நாட்களில்தான்.

சென்னை, கோவை, பெங்களூரு போன்ற ஊர்களின் தனியார் நிறுவனங்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் முடிகிறது. ஹெச்.ஆர். பிரிவிலிருந்து போனில் அழைத்து ஒரு தொகையைச் சொல்வார்கள். ஏதாவது கேட்டால், "எழுத்துல ஒரு மெயில் போட்டுடுங்க, நான் உள்ளே பேசிப் பார்க்கிறேன்" என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. சம்பளத் தொகையை ஹெச்.ஆரில் பேசுகிறவர் தனியாக முடிவு செய்ய முடியாது. ஆள் கேட்ட பிரிவின் மேலாளர் ஒப்ப வேண்டும். அந்தப் பணிநிலைக்கு வகுத்த கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் உள்ளே தொகை அடங்குகிறதா என்று சம்பளப் பிரிவு பார்க்க வேண்டும். சில இடங்களில் நிதிப் பிரிவும் கையெழுத்திட வேண்டும். எழுதியவரை நேரில் பார்த்தே இராத இரண்டு மூன்று பேரிடம் அந்த மின்னஞ்சல் அப்படியே அனுப்பப்படும்.

சம்பளம் பேசும் மின்னஞ்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுவே. ஹெச்.ஆர். அதிகாரியை மடக்குவதற்காக அதை எழுதினால் பயனில்லை. அவர் தன் மேலிடத்தில் எடுத்துப் பேசுவதற்கு வேண்டிய தொகை, காரணம், பதிலுக்கு நிறுவனத்துக்குக் கிடைப்பது ஆகிய மூன்றையும் அவர் கையில் கொடுப்பதற்காக எழுத வேண்டும். உறுதியும் இணக்கமும் ஒரே கடிதத்தில் எப்படிச் சேரும் என்ற குழப்பம் இப்படிப் பார்த்தால் பெருமளவு தீர்ந்துவிடும். உறுதி தொகையிலும் காரணத்திலும் இருக்கும். இணக்கம், எதிரில் உள்ளவரையும் தன் பக்கத்து ஆளாக நினைத்து எழுதுவதில் இருக்கும்.

எழுதுவதற்கு முன் ஒரு கணக்கு

ஆஃபரில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. மாதம்தோறும் வங்கிக்கு வரும் பணம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. நிறுவனத்தின் பங்காகக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்காக ஒதுக்கும் தொகை, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம், ஆண்டு முடிவில் செயல்பாட்டைப் பார்த்துத் தரும் வேரியபிள் பே எல்லாம் அந்தப் பெரிய எண்ணுக்குள் இருக்கின்றன. இவற்றில் பி.எஃப். ஊழியரின் சேமிப்பாகச் சேரும். பணிக்கொடை பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கே கிடைக்கும். வேரியபிள் முழுதாக வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கைந்து ஆண்டுகள் டெஸ்ட் இன்ஜினியராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இப்போதைய சி.டி.சி. 9.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் வேரியபிள் எதுவும் இல்லை. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 4.8 லட்சம். அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு; 4.81 சதவீதம் பணிக்கொடை, கொஞ்சம் காப்பீடு. மூன்றும் சேர்ந்து 90,000 ரூபாய் போக, ஆண்டுக்கு 8.7 லட்சம், மாதத்துக்கு 72,500 ரூபாய். அவருடைய பங்கு பி.எஃப். 4,800 ரூபாயைக் கழித்தால் வரிக்கு முன் கைக்கு வருவது 67,700 ரூபாய்.

சென்னை நிறுவனம் ஒன்று அவருக்கு 12 லட்சம் தருவதாகச் சொல்கிறது. 25 சதவீத உயர்வு என்று கேட்கும்போது மனம் நிறையும். ஆனால் இந்த 12 லட்சத்தில் 15 சதவீதம், அதாவது 1.8 லட்சம், வேரியபிள். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்பதால் பி.எஃப்., பணிக்கொடை ஒதுக்கீடுகளும் கூடுகின்றன. காப்பீட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் கழித்தால் ஆண்டுக்கு மிஞ்சுவது 9.05 லட்சம், மாதம் சுமார் 75,400 ரூபாய். அவருடைய பி.எஃப். பங்கு 6,000 போனால் கைக்கு வருவது 69,400 ரூபாய் அளவுதான். காகிதத்தில் ஆண்டுக்கு 2.4 லட்சம் கூடியிருக்கிறது. மாதச் சம்பளத்தில் கூடியிருப்பது ஏறக்குறைய 1,700 ரூபாய். கோவை வீட்டை விட்டுச் சென்னையில் வாடகைக்கு இருப்பதற்கு அது போதாது.

பி.எஃப். கணக்கில் அவருக்குக் கூடுதலாகச் சேரும் பணத்தையும், வரக்கூடிய வேரியபிளையும் இந்த ஒப்பீட்டில் மறந்துவிடக் கூடாது. அவை உண்மையான பணம்தான். ஆனாலும் மாத வாடகையை வேரியபிளிலிருந்து கட்ட முடியாது. மேலும், சில நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்படியான உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கே பி.எஃப். கட்டுகின்றன, அப்போது மாதப் பங்கு 1,800 ரூபாய்தான், கைக்கு வரும் தொகை கூடும். எனவே சம்பளப் பிரிப்பு முழுவதையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் கணக்குப் போட முடியாது. அதைக் கேட்பது நாகரிகக் குறைவு அல்ல. பிரிப்பை அனுப்பாமல் மொத்தத் தொகைக்கு மட்டும் ஒப்புதல் கேட்கும் இடத்தில், முதல் மின்னஞ்சலே அதைக் கேட்பதாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முடிந்த பிறகே எண்கள் பிறக்கின்றன. அவருக்குச் சென்னையில் மாதம் ஆறாயிரமாவது கூடுதல் செலவு இருக்கும். இப்போதைய நிறுவனத்தில் வரவிருக்கும் ஆண்டு உயர்வையும் விட்டுவிட்டு வருகிறார். ஆகவே கைக்கு 75,000 ரூபாய்க்குக் குறைந்தால் மாறுவதில் பொருளில்லை என்று முடிவு செய்கிறார். இதே பிரிப்பு முறையில் அது 13 லட்சம் சி.டி.சி.க்கு அருகில் வருகிறது. கேட்கும் தொகை இதைவிட மேலே இருக்க வேண்டும், ஆனால் காரணம் சொல்ல முடியாத உயரத்தில் இருக்கக் கூடாது. அவர் 13.8 லட்சம் என்று வைத்துக்கொள்கிறார். அதில் கைக்கு வருவது சுமார் 80,000 ரூபாய்.

கீழ் எல்லையை முன்கூட்டியே தீர்மானிப்பதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேரத்தை ஆராய்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட ‘கெட்டிங் டு எஸ்’ என்ற நூலில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: உடன்பாடு ஏற்படாவிட்டால் கையில் மிஞ்சும் மிகச் சிறந்த மாற்று வழி எதுவோ, அதுவே ஒருவரின் பலம். இந்தப் பெண்ணின் மாற்று வழி, கோவையில் இருக்கும் வேலை. அது நல்ல வேலை. அதை இன்னும் ராஜினாமா செய்யவில்லை. அந்த நினைப்பு மனதில் இருந்தால் கடிதத்தில் கெஞ்சலும் வராது, மிரட்டலும் வராது.

முதல் மின்னஞ்சல்

நடைமுறையில் இவ்வகைக் கடிதங்கள் ஆங்கிலத்தில் போகின்றன. அமைப்பு தெளிவாகத் தெரிவதற்காக இங்கே தமிழில்:

> பொருள்: சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் பணிக்கான ஆஃபர் குறித்து
>
> வணக்கம்,
>
> ஆஃபர் கிடைத்தது, நன்றி. ஆட்டோமேஷன் குழுவைப் புதிதாக உருவாக்கும் வேலை என்று மேலாளர் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தப் பணியில் சேர விரும்புகிறேன்.
>
> ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் உதவி தேவைப்படுகிறது. 12 லட்சம் என்று உள்ள சி.டி.சி.யை 13.8 லட்சமாக உயர்த்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன். என் இப்போதைய சம்பளம் முழுவதும் நிலையானது. புதிய ஆஃபரில் 15 சதவீதம் வேரியபிள் என்பதால் மாதச் சம்பளத்தில் உயர்வு சுமார் 1,700 ரூபாயாக மட்டுமே அமைகிறது, கணக்கை இணைத்திருக்கிறேன். மேலும், பணி விளம்பரத்தில் இல்லாத ஒரு பொறுப்பும், மூவர் குழுவை வழிநடத்துவது, இப்போது சேர்ந்திருக்கிறது.
>
> இந்தத் தொகை முடிவானால் அன்றே ஆஃபரை ஏற்று உறுதி செய்கிறேன். என் நோட்டீஸ் காலம் 60 நாள். மீதமுள்ள விடுப்பை அதில் கழித்துக்கொள்ள எங்கள் நிறுவன விதி இடம் தருவதால் 45 நாளில் சேர முடியும்.
>
> சி.டி.சி.யை இந்த அளவு மாற்றுவது கடினம் என்றால், எந்தப் பகுதியில் இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். இருவருக்கும் பொருந்தும் வழியைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நன்று. போனில் பேசுவது எளிது என்றால் எப்போதும் அழைக்கலாம்.

கடிதம் சிறியது. கைபேசித் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பத்திக்கும் தனி வேலை இருக்கிறது.

முதல் பத்தியில் வரும் "சேர விரும்புகிறேன்" என்ற வரியை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. ஆவலைக் காட்டினால் தொகை குறைந்துவிடும் என்ற பயம். உண்மை நிலை வேறு. ஆஃபரை வாங்கி, அதைக் காட்டி வேறோர் இடத்தில் அதிகம் கேட்டு, கடைசியில் சேராமலே போகிறவர்களை ஹெச்.ஆர். பிரிவு அடிக்கடி பார்க்கிறது. மேலிடத்தில் போய் இன்னும் ஒரு லட்சம் கேட்டு வாங்கி, பிறகு ஆள் வராமல் போனால் சங்கடம் அவருக்குத்தான். தொகை முடிந்தால் ஆள் வருவார் என்ற உத்தரவாதமே அவரை உள்ளே பேசத் தூண்டும். மூன்றாம் பத்தியின் "அன்றே ஏற்று உறுதி செய்கிறேன்" என்ற வரியும் அதே நோக்கத்தில் வருகிறது.

தொகை ஒரே எண்ணாக இருக்கிறது. "13 முதல் 14 லட்சம்" என்று எழுதியிருந்தால், படிப்பவர் கண்ணில் 13 மட்டுமே நிற்கும். எண்ணே இல்லாமல் "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று எழுதுவது அதைவிட மோசம். அப்படி எழுதினால் ஹெச்.ஆர். எந்தத் தொகைக்கு அனுமதி கேட்பார்? பெயருக்குப் பத்து இருபதாயிரம் கூட்டி அனுப்பிவிடுவார்; பார்த்துப் பண்ணியாகிவிட்டது என்று பேச்சும் முடிந்துவிடும்.

காரணங்கள்தான் கடிதத்தின் உயிர்நாடி. இங்கே பெரும்பாலானவர்கள் தவறுவது, தம் வீட்டுத் தேவைகளைக் காரணமாகச் சொல்வதில். வீட்டுக்கடன், அப்பாவின் மருத்துவச் செலவு, தங்கையின் கல்யாணம் எல்லாம் உண்மையாக இருக்கலாம், படிக்கும் ஹெச்.ஆர். மனம் இரங்கவும் கூடும். ஆனால் அனுமதிக் கோப்பில் "இவருக்கு வீட்டுக்கடன் இருப்பதால்" என்று அவர் எழுத முடியாது. எழுதக்கூடிய காரணங்கள் வேலையோடும் ஆஃபரோடும் சேர்ந்தவை: விளம்பரத்தில் இல்லாத பொறுப்பு சேர்ந்திருக்கிறது, நிலையான சம்பளத்தை விட்டு வருகிறார், கைவிட்டு வரும் போனஸ் இவ்வளவு, அந்தத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் குறைவு. இரண்டு வலுவான காரணங்கள் போதும். ஏழெட்டை அடுக்கினால், மறுப்பவர் அவற்றில் நலிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவார்.

வேறு நிறுவனத்தின் ஆஃபர் கையில் இருந்தால் அதுவும் வலுவான காரணமே. "வேறோர் இடத்தில் 13.5 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; ஆனாலும் இந்த வேலையின் தன்மைக்காக இங்கேயே சேர விரும்புகிறேன்" என்று ஒரு வரி எழுதலாம். இல்லாத ஆஃபரை இருப்பதாக எழுதக் கூடாது. எழுத்தில் காட்டும்படி கேட்பது சாதாரணம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் அப்படித்தான். பே ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பதிவு ஆகியவற்றைக் கொண்டு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போது பொய் வெளிவரும். கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெறுவதற்கு அதுவே போதுமான காரணமாகிவிடும்.

பதிலுக்குக் கொடுப்பது என்ற பகுதியைப் பலர் எழுதுவதே இல்லை. வேலை தேடுபவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உடனே உறுதி செய்வதும் சீக்கிரம் சேர்வதும் ஆள் தேவைப்படும் குழுவுக்குப் பெரிய உதவி. 60 நாள், 90 நாள் நோட்டீஸ் வழக்கமாகிவிட்ட துறைகளில், இரண்டு வாரம் முன்னதாக வருகிறேன் என்பதற்கு விலை உண்டு. ஆனால் கொடுக்க முடிந்ததைத்தான் எழுத வேண்டும். பழைய நிறுவனம் விடுவிக்குமா என்று தெரியாமல் தேதி சொன்னால், அந்தத் தேதி தவறும்போது புது இடத்தில் முதல் நம்பிக்கையே உடையும்.

கடிதத்தை ஆஃபர் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புவது நல்லது. அனுமதி கொடுப்பவர் கீழே தள்ளினால் ஆஃபரும் கண்ணில் படும். பிரிவு மேலாளரின் முகவரியைத் தானாகச் சேர்த்து அனுப்பக் கூடாது, ஹெச்.ஆர். தன்னைத் தாண்டிப் போனதாக எடுத்துக்கொள்வார்.

எழுத்தில் குரல் கேட்காது

நேரில் "இது எனக்குச் சரியாக வரவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். எழுத்தில் அந்தச் சிரிப்பு போய்ச் சேராது. அமெரிக்க உளவியலாளர்களான ஜஸ்டின் குருகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. மின்னஞ்சலில் எழுதும் வாக்கியம் கேலியா, மெய்யாகச் சொல்வதா என்பதை வாங்குபவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். சரியாகப் புரிந்தது 56 சதவீதமே; நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்று மேல். எழுதும்போது தம் குரல் தம் காதில் கேட்பதால், படிப்பவருக்கும் அப்படியே கேட்கும் என்று எழுதுபவர் நம்பிவிடுகிறார்.

அதனால் வார்த்தைகளே தொனியைச் சுமக்க வேண்டியிருக்கிறது. "13.8 லட்சத்துக்குக் குறைந்தால் சேர முடியாது" என்பதும் "13.8 லட்சமாக உயர்த்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன்" என்பதும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. முதலாவது கதவை மூடுகிறது. படிப்பவர் அதைச் சவாலாக எடுத்துக்கொள்ளலாம். மறுபுறம், "தவறாக நினைக்க வேண்டாம், முடிந்தால் மட்டும், சிரமமாக இருந்தால் பரவாயில்லை" என்று சுற்றிச் சுற்றி எழுதினால் கேட்டதே கேட்கப்படாமல் போகும். பணிவைக் காட்ட நன்றி சொல்லும் வரியும் உதவி கேட்கும் வரியும் இருக்கின்றன. தொகையைச் சொல்லும் வரியில் மன்னிப்பு வரக் கூடாது. சந்தேகம் இருந்தால், எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் படிக்கலாம். அல்லது விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, கோபமாகத் தெரிகிறதா, கெஞ்சலாகத் தெரிகிறதா என்று கேட்கலாம்.

பேரம் மின்னஞ்சலில் நடக்கும்போது அதற்கு முன் போனில் சில நிமிடம் பொதுவாகப் பேசிக்கொண்டவர்களுக்குள் இணக்கமும் உடன்பாடும் கூடுதலாக ஏற்பட்டதை மைக்கேல் மாரிஸ், ஜானிஸ் நாட்லர் முதலியோரின் 2002 ஆய்வு காட்டியது. ஆகவே ஹெச்.ஆர். அழைக்கும்போது பேசாமல் எல்லாவற்றையும் எழுத்துக்கு ஒதுக்குவது சரியல்ல. போனில் ஆர்வத்தைச் சொல்லி, "தொகை பற்றி ஒரு மெயில் அனுப்புகிறேன்" என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டு எழுதினால், அந்தக் கடிதம் எதிர்பாராத தாக்குதலாகப் படாது.

பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுமை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஹன்னா ரைலி போல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனைகளில், அதிகச் சம்பளம் கேட்ட பெண்களை, கேட்ட ஆண்களைவிடக் கடுமையாக மதிப்பிட்டார்கள். இது அநியாயம். பழுது கேட்பவரிடம் இல்லை, மதிப்பிடுபவரிடம் இருக்கிறது. ஆனாலும் நாளைக்கே கடிதம் அனுப்ப வேண்டியவருக்கு ஒரு வழி உண்டு: பின்னர் நடந்த ஆய்வில், வேலையோடும் நிறுவனத்தோடும் உள்ள உறவைச் சேர்த்துச் சொல்லிக் கேட்டபோது அந்தப் பாதிப்பு குறைந்தது. மேலே உள்ள கடிதத்தில் புதிய குழுவைப் பற்றிய வரியும் "இருவருக்கும் பொருந்தும் வழி" என்ற வரியும் அந்த வேலையையும் செய்கின்றன.

பதில் வந்த பிறகு

மூன்றாம் நாள் பதில் வருகிறது: "உள்ளே பேசினோம். இந்தப் பணிநிலையில் 13.8 தர இயலாது. 12.6 லட்சத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறோம். இதுவே இறுதி."

"இறுதி" என்ற சொல்லைப் படித்ததும் மனம் சோர்ந்துவிடும். அந்தச் சொல்லைவிட, எதைக் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பணிநிலையின் மேல் எல்லை என்றால், அந்த எல்லைக்கு மேல் சி.டி.சி. போகாது, ஆனால் ஜாயினிங் போனஸ், இடம்பெயரும் செலவு போன்ற ஒருமுறைத் தொகைகள் பெரும்பாலும் வேறு கணக்கில் வரும். இந்த ஆண்டு பணம் இல்லை என்றால், முதல் உயர்வைச் சீக்கிரம் தருவது பற்றிப் பேசலாம். காரணமே சொல்லவில்லை என்றால், அதைக் கேட்பதே அடுத்த கடிதம். வேரியபிள் சதவீதத்தையும் அடிப்படைச் சம்பள விகிதத்தையும் ஒருவருக்காக மாற்றுவது அரிது. அவை எல்லோருக்கும் ஒரே மாதிரி வகுத்த கொள்கைகள். அங்கே முட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

12.6 லட்சத்தில் அவர் கைக்கு வருவது 73,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கீழ் எல்லையைத் தொடவில்லை. இரண்டாம் கடிதம் முதலாவதைவிடச் சிறியது:

> வணக்கம்,
>
> உள்ளே பேசி உயர்த்தித் தந்ததற்கு நன்றி. பணிநிலையின் எல்லை எனக்குப் புரிகிறது. இடம் மாறும் செலவையும் சேர்த்துப் பார்க்கும்போது 12.6 லட்சத்தில் என்னால் முடிவெடுக்க இயலவில்லை. இரண்டு வழிகளில் எது உங்களுக்கு எளிதோ அதில் நான் உடனே உறுதி செய்யத் தயார்: சி.டி.சி. 13.2 லட்சம், அல்லது சி.டி.சி. 13 லட்சமும், ஒருமுறை ஜாயினிங் போனஸாக 1 லட்சமும். இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன்.

இரண்டு வழிகளும் அவருக்கு ஏற்கத்தக்கவை. தேர்வு எதிர்ப்பக்கத்திடம் விடப்பட்டிருக்கிறது. "முடியும், முடியாது" என்று மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்த ஹெச்.ஆருக்கு, இப்போது எது முடியும் என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. கடைசி வாக்கியத்தின் உறுதியும் அவருக்கு உதவும். அனுமதி வாங்கி வந்தால் பேச்சு முடிந்துவிடும் என்று அவர் மேலிடத்தில் சொல்லலாம். சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

முடிவு 13 லட்சமும் 75,000 ரூபாய் ஜாயினிங் போனஸும் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கைக்கு மாதம் சுமார் 75,300 ரூபாய். கீழ் எல்லை தொட்டாகிவிட்டது. போனஸ் கேட்டதைவிடக் குறைவு. இங்கே ஏற்றுக்கொள்வதே சரி. மூன்றாவது முறை கேட்டுக் கூடுதலாகக் கிடைக்கும் பத்தாயிரம், சேரும் நாளில் இருக்க வேண்டிய நல்லெண்ணத்துக்கு ஈடாகாது. அதே நேரம், ஜாயினிங் போனஸைவிடச் சி.டி.சி.யில் கூடும் தொகை மேலானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போனஸ் ஒருமுறையோடு முடிகிறது, சி.டி.சி. அடுத்த ஆண்டின் உயர்வுக்கும், அடுத்த வேலையில் பேசும் தொகைக்கும் அடித்தளமாகிறது.

12.6 லட்சத்திலேயே நின்றுவிட்டால்? அவர் நன்றி சொல்லி விலகலாம். காரணத்தை ஒரு வரியில் சொல்லி, பிற்காலத்தில் வாய்ப்பு வந்தால் பேச விருப்பம் என்று முடிக்க வேண்டும். குற்றம் சொல்லும் வரி எதுவும் வேண்டாம். விலகுவதாக எழுதிய பிறகு நிறுவனமே மீண்டும் அழைப்பதும் உண்டு. ஆனால் அதை எதிர்பார்த்து விலகுவதாக எழுதுவது சூதாட்டம்.

மரியாதையாக ஒருமுறை கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அரிது. ஒப்புக்கொண்ட பிறகு மறுபடி பேச்சைத் திறப்பவர்களும், ஒவ்வொரு உயர்வுக்குப் பிறகும் புதிதாக ஒன்றைக் கேட்பவர்களும்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள். பேசுவதற்கு இடமே இல்லாத வேலைகளும் உண்டு. கல்லூரி வளாகத் தேர்வில் ஒரே தொகுதியாக எடுக்கப்படும் புதியவர்களுக்கு எல்லோருக்கும் ஒரே சம்பளம். அரசுப் பணியில் ஊதிய நிலை விதிப்படி வருகிறது. அங்கே சேரும் தேதி, பணியிடம் போன்றவற்றைக் கேட்கலாமே தவிரத் தொகையைக் கேட்டுப் பயனில்லை.

போனில் ஒப்புக்கொண்டது எதுவும் எழுத்துக்கு வரும்வரை பேச்சாகவே இருக்கும். "ஆறு மாசத்துல ரிவைஸ் பண்ணிடலாம்" என்று சொல்லப்பட்டால், அன்றே "இன்று போனில் பேசியபடி" என்று தொடங்கி அதை எழுதி அனுப்பி, ஆஃபர் லெட்டரில் சேர்க்கக் கேட்க வேண்டும். சேர்க்க மறுத்தால் அந்த வாக்குறுதியைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது நல்லது. திருத்திய ஆஃபர் லெட்டர் வந்ததும் தொகையோடு சேர்த்து மூன்று இடங்களைக் குறிப்பாகப் படிக்க வேண்டும். ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். ஓராண்டு என்பது வழக்கம். வேரியபிள் எப்போது, எந்த அளவுகோலில் தரப்படும், தரும் நாளில் வேலையில் இருந்தால்தான் கிடைக்குமா. புதிய இடத்தின் நோட்டீஸ் காலம் எவ்வளவு. இவை எல்லாம் பேசியபடி இருந்தால் கையெழுத்திட்டு அனுப்பலாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்த பிறகே பழைய நிறுவனத்துக்கு ராஜினாமா கடிதம் போக வேண்டும். ஒரு நாள்கூட முன்னதாக வேண்டாம்.